தவணையில் தெரியாத தேய்மானம்

வீட்டுக் கடன் கோரி வரும் விண்ணப்பங்களில் சொத்து விவரப் பட்டியல் ஒன்று இருக்கும். வீடு, மனை, நகை, நிலை வைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு ‘கார்’ என்று ஒரு வரி வரும். அதற்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் தொகை, பெரும்பாலும் அந்தக் காரை வாங்கிய நாளில் கொடுத்த விலையாகவே இருப்பதை நாங்கள் காண்கிறோம். கார் நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தாலும் அதே விலைதான். விண்ணப்பதாரர் பொய் எழுதவில்லை. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருள் வீட்டு வாசலில் நிற்கிறது, ஆகவே அந்தப் பணமும் அங்கேயே நிற்கிறது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். இந்த நம்பிக்கையைத்தான் இக்கட்டுரையில் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறோம். கார்க் கடன் கொடுக்கும் வங்கியில் பணியாற்றிக்கொண்டே இதை எழுதுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். கணக்கை அறிந்து வாங்குபவரே ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துபவர் என்பது எங்கள் அனுபவம். ஆகவே முரண் ஏதும் இல்லை.

முதலீடு என்று ஒன்றை அழைக்க வேண்டுமானால் அது வட்டியாகவோ வாடகையாகவோ வருமானம் தர வேண்டும். அல்லது விலை ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கார் வருமானம் தருவதில்லை. விலையும் ஏறுவதில்லை. ஏன் ஏறுவதில்லை என்பதற்கு ‘இயந்திரம் தேய்கிறது’ என்ற விடை பாதி விடைதான். மனையை எவராலும் புதிதாக உற்பத்தி செய்ய இயலாது, தங்கத்துக்கு வயதாவதில்லை. காரோ தொழிற்சாலையில் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பழைய காரை வாங்க வருபவர் அதை அடுத்த தெரு ஷோரூமில் நிற்கும் புதிய காரோடுதான் ஒப்பிடுவார். அந்தப் புதிய கார் எந்த விலைக்குக் கிடைக்கிறதோ அதுவே உங்கள் காரின் விலைக்கு மேல்வரம்பு.

இதை 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் கண்டது. அம்மாதம் 22ஆம் தேதி முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதன்மேல் இருந்த இழப்பீட்டு செஸ் வரியும் நீங்கியது. புதிய கார் வாங்கக் காத்திருந்தவர்களுக்கு அது நற்செய்தி. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே காரைப் பழைய வரியில் வாங்கியவருக்கு? அவருடைய காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதை வாங்க வருபவர் பேசத் தொடங்கும் விலை இறங்கிவிட்டது. தாம் கட்டிய கூடுதல் வரியை அவர் யாரிடமும் கேட்டுப் பெற இயலாது.

இனி ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவோம். இது எடுத்துக்காட்டுக்காக நாங்கள் வகுத்த கணக்கு. உங்கள் ஊரின் சாலை வரிக்கும் உங்கள் கடனின் வட்டிக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஷோரூம் விலை ரூ.8,60,000. சாலை வரி, பதிவுக் கட்டணம் முதலியன ரூ.95,000. காப்பீடு ரூ.45,000. ஆக, சாவியைக் கையில் வாங்கும்போது ஆகும் ‘ஆன்ரோடு’ விலை ரூ.10,00,000. வாங்குபவர் தம் கையிலிருந்து 2 லட்சம் போட்டு, 8 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெறுகிறார். மாதத் தவணை ரூ.12,871. ஐந்து ஆண்டுகள் ஓட்டிய பின் காரை ரூ.4,20,000க்கு விற்பதாகக் கொள்வோம்.

இந்தக் காருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், ‘பதின்மூன்றாயிரம் தவணை, அப்புறம் பெட்ரோல்’ என்பதே வழக்கமான விடை. ஆனால் தவணை என்பது கடனைத் திருப்பித் தரும் வேகமே தவிர, காரின் செலவு அன்று. அதே காரை முழு ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் தவணை பூஜ்யம். அதனால் அந்தக் கார் இலவசமாகிவிடுமா? உண்மைச் செலவை அறியத் தவணையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று தொகைகளைத் தேட வேண்டும்.

முதலாவது தேய்மானம். ஆன்ரோடு விலையிலிருந்து காப்பீட்டை நீக்குகிறோம். அது பெட்ரோலைப் போல ஆண்டுதோறும் வரும் நடப்புச் செலவு. சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் நீக்கக் கூடாது. அவை காரோடு ஒருமுறை செலவழிந்தவை, விற்கும்போது தனியாகத் திரும்பி வராதவை. எனவே போட்ட தொகை ரூ.9,55,000. அதிலிருந்து விற்ற விலை 4,20,000ஐக் கழித்தால் ரூ.5,35,000. அறுபது மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் ரூ.8,917.

இரண்டாவது, கடனுக்குக் கட்டிய வட்டி. ஐந்து ஆண்டுகளில் கட்டிய அறுபது தவணைகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய ரூ.7,72,000. அப்போது அசல் நிலுவை இன்னும் சுமார் ரூ.2,82,000 இருக்கும், அதாவது அசலில் அடைந்தது ரூ.5,18,000 மட்டுமே. எஞ்சிய ரூ.2,54,000 வட்டி. மாதத்துக்கு ரூ.4,233. எந்த மாதத்திலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை வங்கி தரும் தவணை அட்டவணையே காட்டும். கேட்டால் கிளையில் அச்சிட்டுத் தருவார்கள்.

மூன்றாவதைப் பலர் எழுதுவதே இல்லை. கையிலிருந்து போட்ட 2 லட்சம் நிலை வைப்பில் இருந்திருந்தால் வட்டி ஈட்டியிருக்கும். 6 விழுக்காடு என்று கொண்டாலும் ஆண்டுக்கு ரூ.12,000, மாதம் ரூ.1,000. காரை முழு ரொக்கத்தில் வாங்குபவர் ‘எனக்கு வட்டிச் செலவே இல்லை’ என்று பெருமை கொள்வதுண்டு. அவருக்கும் வட்டி இழப்பு இருக்கிறது. வங்கிக்குக் கட்டுவதற்குப் பதிலாக வங்கியிடமிருந்து வாங்காமல் விடுகிறார்.

மூன்றையும் கூட்டினால் மாதம் ரூ.14,150. பெட்ரோல், பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றில் ஒரு ரூபாயும் இதில் சேரவில்லை. தவணையைவிட இத்தொகை கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் காராக இருந்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.17 பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. மைலேஜில் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகத் தரும் காரைத் தேடி வாரக்கணக்கில் அலைபவர்கள், இந்தப் பதினேழு ரூபாயை ஒருமுறைகூடக் கேட்காமல் போவது எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஐந்தாம் ஆண்டு முடிவில் விற்கும்போது நடப்பதையும் பாருங்கள். 4,20,000 வருகிறது, கடன் நிலுவை 2,82,000 போகிறது, கையில் ரூ.1,38,000 நிற்கிறது. இந்தத் தொகையே அடுத்த காருக்கு முன்பணமாகிறது. எக்ஸ்சேஞ்ச் முறையில் கொடுத்தால் அது கைக்குக்கூட வராமல் புதிய காரின் விலைச்சீட்டில் ஒரு கழித்தல் வரியாக முடிந்துவிடும். ‘பழைய கார் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் கொடுத்தது’ என்று மனம் நிறைவடைகிறது. ஐந்தேகால் லட்சத்துக்கு மேல் கரைந்துபோனது எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை.

மாதம் ரூ.8,917 என்பது சராசரி. ஆனால் மதிப்பு சமமாகத் தேய்வதில்லை. தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேய்கிறது. வருமான வரி விதிகளில் தொழிலுக்குப் பயன்படும் காருக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் 15 விழுக்காடு ‘குறையும் இருப்பு’ முறை இந்தப் போக்கை ஓரளவு காட்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் எஞ்சிய மதிப்பில் 15 விழுக்காட்டைக் கழிப்பதே இம்முறை. நம் காரின் ஷோரூம் விலைக்கு இதைப் பொருத்தினால் முதலாண்டுத் தேய்மானம் ரூ.1,29,000, அதாவது மாதம் ரூ.10,750, ஐந்தாம் ஆண்டில் அது ரூ.67,339, மாதம் சுமார் ரூ.5,600. சந்தை எந்தச் சூத்திரத்துக்கும் கட்டுப்பட்டதன்று. முதலாண்டு வீழ்ச்சி இதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். ‘இரண்டாவது உரிமையாளர்’ என்ற சொல் பதிவுச் சான்றில் ஏறுவதே ஒரு விலைக்குறைப்புதான்.

இந்தச் சமமின்மையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. காரின் மதிப்பு தொடக்கத்தில் வேகமாக இறங்குகிறது. கடனின் அசலோ தொடக்கத்தில் மெதுவாக இறங்குகிறது, ஏனெனில் முதல் ஆண்டுகளின் தவணையில் வட்டியின் பங்கு பெரிது. இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதே கேள்வி. அதைப் பார்க்கக் காப்பீட்டு ஆவணத்தில் ‘ஐ.டி.வி.’ என்று குறிக்கப்படும் தொகையை எடுத்துக்கொள்வோம். கார் முழுச் சேதமடைந்தாலோ திருடு போனாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத்தொகை இதுதான். ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து இதைக் கணக்கிடுகிறார்கள். பழைய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் வகுத்த அட்டவணையில் ஓராண்டைக் கடந்த காருக்கு 20 விழுக்காடு, இரண்டாண்டைக் கடந்தால் 30, மூன்றாண்டைக் கடந்தால் 40, நான்காண்டைக் கடந்தால் 50 எனக் கழிப்பார்கள். ஐந்தாண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது.

ஏழாண்டுக் கடன் பெற்ற நம் வாடிக்கையாளருக்கு முதலாண்டு முடிந்தபோது நிலுவை ஏறக்குறைய ரூ.7,14,000. காரின் ஐ.டி.வி. ரூ.6,88,000. அன்று கார் திருடு போனால், காப்பீட்டுத் தொகை முழுவதும் கடன் கணக்குக்கு வந்தபின்னும் ரூ.26,000 அவர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். காரும் இல்லை, போட்ட 2 லட்சமும் இல்லை. இரண்டாண்டு முடிவில் நிலுவை ரூ.6,20,000, ஐ.டி.வி. ரூ.6,02,000. மூன்றாண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழ 5,17,000, 5,16,000 என்று சமமாகின்றன. நான்காம் ஆண்டு முடிந்த பிறகே, அதாவது நிலுவை 4,05,000 ஆகவும் ஐ.டி.வி. 4,30,000 ஆகவும் ஆகும்போதுதான், அந்தக் காரில் அவருக்கென்று ஏதோ மிச்சம் இருக்கிறது என்று சொல்லலாம்.

அதே 8 லட்சத்தை ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றிருந்தால் தவணை ரூ.16,607. மாதம் 3,700 கூடுதல் என்பது சிறிய சுமை அன்று, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முதலாண்டு முடிவிலேயே நிலுவை ரூ.6,67,000ஆக இறங்கி ஐ.டி.வி.க்குக் கீழே வந்துவிடும். இரண்டாண்டு முடிவில் ஏறத்தாழ 80,000 ரூபாய் இடைவெளி கிடைக்கும். தவணை அளவை மட்டும் பார்த்துக் கடன் காலத்தைத் தேர்வு செய்வது கார்க் கடனில் தவறான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஐந்தாண்டுத் தவணை வருமானத்துக்குள் அடங்கவில்லை என்றால், காலத்தை நீட்டுவதைவிடக் காரின் விலையைக் குறைப்பதே சரி. ஏழாண்டு வேண்டியே தீரும் என்பவர், விலைப்பட்டியல் தொகை வரை ஈடுசெய்யும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ எனும் கூடுதல் காப்பீட்டைத் தொடக்க ஆண்டுகளிலாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அது பொதுவாகப் புதிய கார்களுக்கே கிடைக்கும். ஆகவே முதல் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது.

‘தேய்மானத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தி, தொழில் கணக்கில் காட்டுபவருக்கே அது பொருந்தும். ஊதியம் பெறுபவர் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வரிச் சட்டத்தின் பார்வையில் மூலதனச் சொத்தே அன்று. சொந்தப் பயன்பாட்டுப் பொருள். ஆகவே அதை நட்டத்துக்கு விற்றாலும், அந்த நட்டத்தை மனையிலோ பங்கிலோ கிடைத்த லாபத்தில் கழிக்க இயலாது. கார் முதலீடு அன்று என்பதைச் சட்டமே இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஊகிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாளைய விற்பனை விலை. அதைக் காரை வாங்குவதற்கு முன்பே ஓரளவு கண்டறிய முடியும். நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடல், அதே எரிபொருள் வகையில் ஐந்து வயதான கார்கள் இன்று என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். விளம்பரத்தில் காணும் விலை விற்பவரின் ஆசை. அதை எழுதிக்கொள்ள வேண்டாம். பழைய கார் வணிகர் இருவர் மூவரிடம், ‘இப்படி ஒரு கார் இருந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள்’ என்று கேட்டு, கிடைக்கும் விடைகளில் குறைந்ததை எழுதுங்கள். அதை அந்தக் காரின் இன்றைய புதிய விலையால் வகுத்தால் ஐந்தாண்டில் எத்தனை விழுக்காடு நிற்கும் என்பது தெரியும். இரண்டு மாடல்களுக்கு இதைச் செய்து பார்த்தால், ஷோரூமில் 30,000 மலிவாகத் தெரிந்த கார் ஐந்தாண்டில் அதைவிடப் பெரிய தொகையை விழுங்கிவிடுவது சில வேளைகளில் புலப்படும். நிறுத்தப்படவிருக்கும் மாடல், சேவை மையங்கள் குறைந்த நிறுவனம் ஆகியவற்றில் இது அடிக்கடி நேரும்.

டிசம்பரில் தரப்படும் தள்ளுபடிக்கும் இதே பார்வை தேவை. சந்தை காரின் வயதைப் பதிவு மாதத்தைக் கொண்டு மட்டும் கணிப்பதில்லை. தயாரிப்பு ஆண்டையும் பார்க்கிறது. டிசம்பரில் வாங்கிய கார், ஐந்து ஆண்டு கழித்து விற்கும்போது, ஜனவரியில் தயாரான காரைவிட ‘ஓர் ஆண்டு பழையது’ என்றே பேசப்படும். காரை நீண்ட காலம் வைத்திருக்கப்போகிறவருக்கு இந்த ஓராண்டு பெரிதன்று. தள்ளுபடியைத் தயங்காமல் பெறலாம். மூன்று நான்கு ஆண்டில் மாற்றுகிறவர் தள்ளுபடித் தொகையையும் ஓராண்டுத் தேய்மானத்தையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

தேய்மானத்தை எவராலும் நிறுத்த இயலாது. அதை அதிக மாதங்களுக்குப் பங்கிட மட்டுமே இயலும். நம் காரையே பத்து ஆண்டுகள் வைத்திருந்து ரூ.2,00,000க்கு விற்றால் தேய்மானம் மாதம் ரூ.6,292. ஏழாண்டுக் கடனின் மொத்த வட்டி ரூ.2,81,000ஐ 120 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் ரூ.2,343. முன்பணத்தின் வட்டி இழப்பு ரூ.1,000. ஆக ரூ.9,635, ஐந்தாண்டில் மாற்றியபோது ஆன 14,150ஐவிட நாலாயிரத்து ஐந்நூறு குறைவு. பழைய காருக்குப் பழுதுச் செலவு கூடும் என்பது உண்மையே. அந்தச் செலவு, பத்தாண்டுகளின் சராசரியில், மாதம் இத்தொகையைத் தாண்டும் வரை பழைய காரே மலிவு. பட்டறைச் சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வருபவருக்கு அந்த நாள் வந்ததா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். தலைநகர் தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தடை விதித்து 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் கார்களின் விலையும் வயதெல்லையை நெருங்க நெருங்கச் சரிந்தது. அங்கு வசிப்பவர் டீசல் கார் வாங்கும்போது விற்பனை விலையைப் பத்தாம் ஆண்டுக்கு எழுதாமல், எட்டாம் ஆண்டுக்கு எழுதிக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

கடன் தீர்ந்த மாதத்திலேயே செய்ய வேண்டிய ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறோம். பதிவுச் சான்றில் வங்கியின் பெயரில் உள்ள ஹைப்போதிகேஷன் குறிப்பு தானாக நீங்குவதில்லை. கிளையிலிருந்து தடையில்லாச் சான்றும், இருதரப்பும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அதை நீக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு கழித்து விற்கும்போது அந்தக் குறிப்பு இன்னும் இருந்தால், வாங்க வந்தவர் அதையே காரணமாக்கிச் சில ஆயிரங்களைக் குறைத்துக் கேட்பார். சான்றின் செல்லுபடிக் காலமும் அதற்குள் கடந்திருக்கும்.